சந்தா பெட்டியில் ஆட்கள் ஏன் நிற்பதில்லை: முதல் பெட்டிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நடப்பது

கேள்வி: மாதச் சந்தாவில் எழுதுபொருள் பெட்டி அனுப்புகிறேன். சில மாதங்களாக 300 பேரிலேயே நிற்கிறது. மாதம் 40 பேர் புதிதாகச் சேர்கிறார்கள், ஏறக்குறைய அதே அளவு பேர் விலகுகிறார்கள். பெட்டியின் விலை 100 என்று வைத்துக்கொண்டால் எல்லாச் செலவும் போக எனக்கு 20 மிஞ்சுகிறது. ஒருவரைச் சேர்க்க விளம்பரத்துக்கு 45, முதல் பெட்டித் தள்ளுபடிக்கு 30, ஆக 75 ஆகிறது. நான்கு பெட்டி வாங்கினால் போட்டது திரும்பிவிடும் என்று நினைத்தேன், ஆனால் கையில் பணமே தங்கவில்லை. விலையைக் கூட்டுவதா, குறைப்பதா? டெலிவரியை எப்படித் திட்டமிடுவது?

பதில்:

விலையில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். கடந்த மூன்று மாதங்களில் ஒரே ஒரு பெட்டி வாங்கிவிட்டு விலகியவர்களை மட்டும் எடுத்து, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் சேர்ந்த தேதி, முதல் பெட்டி அவர் கைக்குப் போன தேதி, இரண்டாம் முறை பணம் எடுக்கப்பட்ட தேதி ஆகிய மூன்றையும் எழுதுங்கள். நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு விடை பெரும்பாலும் அந்தப் பட்டியலிலேயே இருக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

"நான்கு பெட்டி வாங்கினால் போட்டது திரும்பும்" என்பது ஓர் ஆள் நான்கு மாதமும் நின்றால்தான் உண்மை. எல்லோரும் நிற்பதில்லை. 100 பேர் ஒரே மாதத்தில் சேர்ந்தார்கள் என்று வையுங்கள். இரண்டாவது பெட்டிக்கு 70 பேர், மூன்றாவதுக்கு 58, நான்காவதுக்கு 52, ஐந்தாவதுக்கு 47, ஆறாவதுக்கு 42, ஏழாவதுக்கு 38 பேர் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு மாதம் பத்தில் ஒருவர் குறைகிறார். இந்த வரிசை என் கற்பனைதான், ஆனால் மாதம் 40 பேர் வந்தும் 300-லேயே நிற்கும் ஒரு பெட்டிக்குக் கணக்கு இடிக்காமல் பொருந்துகிறது. உங்கள் சொந்த எண்களை எடுத்தாலும் வரிசையின் உருவம் இப்படித்தான் இருக்கும்: தொடக்கத்தில் செங்குத்தான சரிவு, பிறகு மெதுவான இறக்கம்.

இந்த 100 பேரைச் சேர்க்க நீங்கள் போட்டது 7,500. ஆறாவது மாதம் முடியும்போது அவர்கள் எல்லோருமாக எடுத்திருக்கும் பெட்டிகள் 369. பெட்டிக்கு 20 என்றால் 7,380. அதாவது ஆறு மாதம் ஓடியும் போட்ட பணம் முழுதாகத் திரும்பவில்லை, ஏழாவது பெட்டியில்தான் திரும்புகிறது. நீங்கள் நான்கு மாதத்தில் திரும்பும் என்று நம்பி, ஐந்தாவது மாதம் அந்தப் பணத்தை அடுத்த விளம்பரத்தில் போட்டிருப்பீர்கள். கையில் பணம் தங்காததற்குக் காரணம் இதுதான். வியாபாரம் நட்டமில்லை. ஓராண்டில் இந்த 100 பேர் எடுக்கும் 547 பெட்டிகளுக்கு 10,940 வருகிறது, செலவு போக 3,440 நிற்கும். ஆனால் அது மிகத் தாமதமாக வருகிறது.

இந்த வரிசையில் எந்த இடம் அதிகம் வலிக்கிறது என்று பாருங்கள். முதல் பெட்டிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் 30 பேர் போகிறார்கள். வேறு எந்த மாதத்திலும் இதில் பாதிகூடப் போவதில்லை. அந்த 70-ஐ 80 ஆக்கிவிட்டு மற்ற மாதங்களின் சரிவை அப்படியே விட்டால்கூட, ஓராண்டில் பெட்டிகள் 547-லிருந்து 611 ஆகும். மிச்சம் 3,440-லிருந்து 4,720 ஆகும். அதனால்தான் ஒரே பெட்டியோடு போனவர்களைத் தனியாகப் பார்க்கச் சொன்னேன்.

நான் எழுதுபொருள் பெட்டி நடத்திய முதல் வருடத்தில் எனக்கும் இதே சரிவு இருந்தது. பெட்டியில் வைக்கும் பொருள்தான் பிடிக்கவில்லை போலும் என்று எண்ணி, பேனாவை மாற்றினேன், நோட்டின் தாளை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் உட்கார்ந்து மேலே சொன்ன பட்டியலைப் போட்டேன். அந்த மாதம் சேர்ந்த 40 பேரில் 12 பேர் ஒன்றாம் தேதியிலிருந்து ஒன்பதாம் தேதிக்குள் சேர்ந்தவர்கள், அவர்களில் விலகியவர்கள் இரண்டே பேர். ஒன்பதாம் தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்கள் 28 பேர், அவர்களில் பத்து பேர் போய்விட்டார்கள். பொருள் எல்லோருக்கும் ஒன்றே. அப்படியானால் பொருள் காரணமில்லை.

என்ன நடந்திருந்தது என்றால், எங்கள் கடைசித் தேதி மாதத்தின் ஒன்பது. அதற்குள் சேர்ந்தவர்களுக்கு அந்த மாதப் பெட்டி போகும். பதினொன்றாம் தேதி சேர்ந்த ஒருவருக்கு அன்றே பணம் எடுத்துவிடுவோம், ஆனால் அவர் பெட்டி அடுத்த மாதம் 15-ஆம் தேதிதான் கிளம்பும், 18 வாக்கில் கைக்குப் போகும். இதற்கு நடுவில் ஒன்றாம் தேதி வருகிறது. எல்லோருக்கும் அன்று தானாகப் பணம் எடுக்கும்படி வைத்திருந்ததால் அவரிடமும் எடுத்துவிட்டோம். அவர் இடத்தில் இருந்து பாருங்கள்: இரண்டு முறை பணம் போயிருக்கிறது, ஒரு பெட்டிகூடக் கண்ணில் படவில்லை. பெட்டி வந்து திறந்து பார்த்து மகிழ்ந்தாலும் மனதில் அந்த நெருடல் இருக்கும். விலகும்போது "இப்போதைக்கு வேண்டாம்" என்று எழுதுவார்களே தவிர, இதைக் காரணமாக யாரும் எழுதவே மாட்டார்கள்.

இதற்கு இரண்டு வழி உண்டு, இரண்டையும் சேர்த்தே செய்யலாம். ஒன்று, கடைசித் தேதிக்குப் பிறகு சேர்பவருக்கு அடுத்த பணம் எடுக்கும் நாளை, முதல் பெட்டி போய்ச் சேர்ந்த பிறகு வரும் ஒன்றாம் தேதிக்குத் தள்ளிவிடுவது. பணம் வசூலிக்கும் மென்பொருளில் முதல் சுழற்சியின் நீளத்தை மாற்றும் வசதி பெரும்பாலும் இருக்கும், இல்லையென்றால் கையால் தேதி மாற்றுங்கள். மாதம் 28 பேர்தானே, ஒரு மணி நேர வேலை. இரண்டாவது வழி, சேர்ந்த மூன்று நாளுக்குள் ஒரு வரவேற்புப் பெட்டியை அனுப்பிவிடுவது. அந்த மாதப் பெட்டியை அவர் தவறவிட்டார், ஆனால் முந்தைய மாதங்களில் மீந்த பொருள்களால் கட்டிய பெட்டி அவருக்குப் புதியதுதான். சேர்ந்த உற்சாகம் ஆறுவதற்குள் கையில் பெட்டி இருப்பதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை. மீந்த ஸ்டாக்கும் கரைகிறது, அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

அதே பட்டியலில் இன்னொரு கூட்டம் தெரியும். விலக வேண்டும் என்று ஒருபோதும் சொல்லாதவர்கள். கார்டு காலாவதியாகியிருக்கும், கணக்கில் அன்று பணம் இருந்திருக்காது, வங்கி மறுத்திருக்கும். மென்பொருள் ஒருமுறை முயன்று, தோற்று, சந்தாவை மூடியிருக்கும். உங்கள் கணக்கில் இவர்களும் "விலகியவர்கள்" என்றே விழுவார்கள். மனம் மாறிப் போனவரைத் திருப்புவது கடினம், இவர்களைத் திருப்ப ஒரு குறுஞ்செய்தி போதும். ஒன்றாம் தேதி தோற்றால் மூன்று, ஐந்து, எட்டு ஆகிய தேதிகளில் மீண்டும் முயலும்படி வையுங்கள். முதல் தோல்வியிலேயே ஆளுக்குத் தகவல் போக வேண்டும், அதில் கார்டு மாற்றும் இணைப்பு நேராக இருக்க வேண்டும். கடைசித் தேதி ஒன்பது என்று நான் வைத்ததற்குக் காரணமே இந்த எட்டுதான். பணம் முயல்வது முடிந்த பிறகே பெட்டி எண்ணிக்கையை எண்ண வேண்டும்.

உண்மையிலேயே மனம் மாறிப் போகிறவர்களில் எழுதுபொருளுக்கே உரிய ஒரு காரணம் அடிக்கடி வரும்: வீட்டில் குவிந்துவிட்டது. நொறுக்குத்தீனி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும், நோட்டு மாதத்துக்கு ஒன்று தீர்வதில்லை. நான்கைந்து நோட்டு எழுதாமல் அடுக்கியிருந்தால் ஆறாவது வரும்போது மகிழ்ச்சிக்குப் பதில் குற்ற உணர்ச்சிதான் வரும். இவர்களுக்கு விலை குறைத்தால் பயனில்லை. விலகும் பொத்தானுக்கு முன்னால் "இந்த மாதம் வேண்டாம்" என்றும் "இரண்டு மாதத்துக்கு ஒருமுறை" என்றும் இரண்டு வழி வையுங்கள். விலகும் பொத்தானை மறைக்காதீர்கள். தேடியலைந்து விலகியவர் திரும்பி வருவதில்லை, எளிதாக விலகியவர் பள்ளி திறக்கும்போதோ பிறந்தநாளுக்கோ திரும்பி வருவார்.

இப்போது விலைக்கு வருவோம். விலையைக் குறைக்கலாமா என்று கேட்டீர்கள். 100-ஐ 90 ஆக்கினால் உங்கள் மிச்சம் 20-லிருந்து 10 ஆகிறது. வாங்குபவருக்குப் பத்தில் ஒரு பங்கு சலுகை, உங்களுக்கோ லாபத்தில் பாதி போய்விடுகிறது. பழைய இடத்துக்கு வரவே இரு மடங்கு பெட்டி விற்க வேண்டும். பத்து சதவீதம் குறைத்ததற்காக ஆட்கள் இரு மடங்கு காலம் நிற்க மாட்டார்கள். மறுபக்கம், 5 கூட்டினால் மிச்சம் 25 ஆகிறது. ஐந்தில் ஒரு பெட்டி குறைந்தாலும் அதே பணம் வரும். யாரும் போகவில்லை என்றால் போட்டது ஏழாவது பெட்டிக்குப் பதில் ஐந்தாவதிலேயே திரும்பிவிடும். ஆகவே கூட்டுவது சரி, ஆனால் இரட்டைப் பணக் கோளாறைச் சரிசெய்த பிறகு, முதலில் புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும். இரண்டு மூன்று மாதம் பார்த்துவிட்டு, பழையவர்களுக்கு ஒரு முழு மாதம் முன்கூட்டியே எழுதித் தெரிவித்துக் கூட்டுங்கள். சொல்லாமல் கூட்டினால் அந்த மாதத்துச் சரிவை விலையின் குற்றம் என்று நினைப்பீர்கள், உண்மையில் அது சொல்லாததன் குற்றமாக இருக்கும்.

மூன்று மாதச் சந்தா ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு எவ்வளவு தள்ளுபடி தரலாம் என்பதை உங்கள் வரிசையே சொல்லும். மாதாமாதம் கட்டுபவர் சராசரியாக முதல் மூன்று மாதத்தில் 2.28 பெட்டி எடுக்கிறார் (1, 0.70, 0.58). மிச்சம் 20 வீதம் அது 45.6. மூன்று பெட்டிக்கும் முன்பணம் கட்டுபவருக்குப் பெட்டிக்கு 95 என்று கொடுத்தால் மிச்சம் 15 வீதம் 45. ஏறக்குறைய சமம். அதற்கு மேல் தள்ளுபடி கொடுத்தால் அந்த மூன்று மாதத்தில் உங்களுக்கு இழப்பு. கிடைக்கும் ஆதாயம் வேறு வகை: இரண்டாவது பெட்டியில் ஆள் கழன்றுகொள்வதில்லை, கார்டு தோற்பதும் இல்லை, ஆர்டர் போடும்போது எண்ணிக்கை கையில் இருக்கிறது. ஒரே ஓர் ஆபத்து, வந்த 285-ஐயும் உங்கள் பணமாக நினைப்பது. அதில் இரண்டு பெட்டியின் பணம் இன்னும் அவர்களுடையது. வேறு கணக்கில் போட்டு, பெட்டி கிளம்பக் கிளம்ப எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒழுங்கு தவறி மூடிப்போன சந்தா வியாபாரங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கூரியர். உங்கள் செலவில் பொருளுக்கு அடுத்த பெரிய எண் அதுவாகத்தான் இருக்கும். பல கூரியர்கள் உண்மை எடை, பருமன் எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குப் பணம் வாங்குகின்றன. பருமன் எடைக்குப் பரவலாகப் பயன்படும் கணக்கு, நீளம் × அகலம் × உயரம் செ.மீ.-இல் பெருக்கி 5000-ஆல் வகுப்பது. சிலர் வேறு வகு எண் வைத்திருப்பார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 28 × 22 × 10 பெட்டி என்றால் 6,160-ஐ 5000-ஆல் வகுக்க 1.23 கிலோ. உள்ளே பொருள் 700 கிராம்தான் இருக்கும், ஆனால் அரை கிலோப் படியில் கட்டணம் என்றால் ஒன்றரை கிலோவுக்குப் பில் வரும். உயரத்தை 8 செ.மீ. ஆக்கினால் 4,928, அதாவது 0.99 கிலோ, ஒரு கிலோவுக்கான கட்டணம். உள்ளே இருப்பது ஒன்றும் குறையவில்லை, மேலே அடைத்த காகிதச் சுருளைத்தான் எடுத்தோம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அளப்பது பெட்டியின் வெளிப்புறத்தை. மூடி நடுவில் 2 மில்லிமீட்டர் புடைத்திருந்தால் உயரம் 8.2, பெருக்கினால் 5,051. ஒரு கிலோவைத் தாண்டிவிட்டது, மீண்டும் ஒன்றரைக் கிலோப் படி. இது எங்களுக்கு நடந்தது. ஒரு மாதம் சுருள் கம்பி நோட்டு வைத்தோம், கம்பி மூடியை லேசாகத் தூக்கிவிட்டது, அந்த மாதக் கூரியர் பில் முழுவதும் ஒரு படி ஏறிவந்தது. அதிலிருந்து மாதிரிப் பெட்டியைக் கட்டி ஒட்டி, அதன் மேல் ஒரு அடிக்கோலைப் படுக்க வைத்துப் பார்ப்போம். கோல் ஆடினால் பொருளை மாற்றி அடுக்குவோம். நீங்கள் புதிதாகப் பெட்டி அச்சிடுவதென்றால் எல்லையை ஒட்டிப் போகாமல் 7.5 உயரம் வையுங்கள்.

தேதிகளைப் பின்னாலிருந்து முன்னாலே எண்ண வேண்டும். அடுத்த பணம் எடுப்பது ஒன்றாம் தேதி. அதற்குமுன் ஒரு வாரமாவது பெட்டி அவர் மேசையில் இருக்க வேண்டும், அப்போதுதான் ஒன்றாம் தேதி பணம் போகும்போது அது நினைவில் நிற்கும். 28-ஆம் தேதி பெட்டி வந்து ஒன்றாம் தேதி பணம் போனால், ஒரே பெட்டிக்கு இருமுறை வாங்கியதுபோல் தோன்றும். ஆக, 22-க்குள் எல்லோருக்கும் சேர வேண்டும். 15, 16-இல் அனுப்ப வேண்டும், தூர ஊர்களுக்கானதை முதல் நாள், பக்கத்து ஊர்களுக்கானதை மறுநாள். 12 முதல் 14 வரை பேக்கிங். பொருள் எல்லாம் 11-ஆம் தேதியே கையில் இருக்க வேண்டும், ஒரு பொருள் வராவிட்டாலும் 300 பெட்டியும் திறந்தபடி காத்திருக்கும். அதனால் ஒவ்வொரு மாதமும் தட்டையான ஒரு மாற்றுப் பொருள் (ஒட்டுத்தாள் கட்டு, அட்டைகள் போல) ஸ்டாக்கில் இருக்கட்டும். வாங்குபவருக்கு ஒரே நாளைச் சொல்லாதீர்கள், "17 முதல் 22-க்குள்" என்று சொல்லுங்கள். சொன்ன வரம்பு தாண்டப் போகிறது என்று தெரிந்தால் அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் எழுதிவிடுங்கள்.

எத்தனை பெட்டிக்கு ஆர்டர் போடுவது என்பதுதான் இதில் கடினமானது, ஏனென்றால் அச்சிட்ட நோட்டு போன்றவற்றுக்கு இரண்டு மாதம் முன்பே சொல்ல வேண்டியிருக்கும். இப்போது இருக்கும் 300 பேரில் இரண்டு மாதம் கழித்து எத்தனை பேர் இருப்பார்கள்? மேலே சொன்ன வரிசைப்படி கணக்கிட்டால் சுமார் 230. மீதி 70 பெட்டி இன்று உங்களுக்கு முகம் தெரியாதவர்களுக்கு, இனிமேல் சேரப்போகிறவர்களுக்கு. 300 நிலையாக இருப்பதுபோல் தெரிந்தாலும் ஏறக்குறைய கால் பங்கு நம்பிக்கையின் பேரில் நிற்கிறது. விளம்பரம் ஒரு மாதம் சரியாக ஓடாவிட்டால் அந்த 70 பெட்டியில் பாதி அப்படியே அலமாரியில் உட்கார்ந்துவிடும்.

எழுதுபொருளில் இது பெரிய ஆபத்தில்லை, பேனா சீக்கிரம் கெட்டுப்போவதில்லை, மீந்தது வரவேற்புப் பெட்டிக்குப் போகும். ஆகவே உங்கள் பெயர் அச்சிட்ட பொருளுக்கு 300 தாராளமாகச் சொல்லலாம். ஆனால் மாதத்தின் பெயரோ பண்டிகையோ அச்சிட்ட பொருளுக்கு 250-க்கு மேல் போகாதீர்கள், குறைகிற பெட்டிகளில் மாற்றுப் பொருள் வையுங்கள். நொறுக்குத்தீனிக்குப் போகும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் கணக்கு தலைகீழ். விற்றால் வருவது 20, மீந்தால் போவது பெட்டியிலுள்ள பொருளின் முழு விலை, அது 20-ஐ விட மிக அதிகம். அங்கே எப்போதும் ஒரு கை குறைத்தே ஆர்டர் போட வேண்டும், தாமதமாகச் சேர்பவரை அடுத்த மாதத்துக்கு நிறுத்த வேண்டும். சப்ளையரிடம் "எவ்வளவு நாள் தாங்கும்" என்று கேட்பது போதாது, "என் கைக்கு வரும் நாளில் இன்னும் எத்தனை நாள் மிச்சம் இருக்கும்" என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். தயாரித்து நான்கு மாதம் கிடங்கில் இருந்த பொட்டலம் உங்களிடம் வந்து, பேக்கிங்குக்குக் காத்திருந்து, கூரியரில் ஒரு வாரம் சுற்றினால், வாங்குபவர் முதலில் பார்ப்பது பின்பக்கத் தேதியைத்தான்.

இந்த மாதம் செய்ய வேண்டியது, அந்தப் பட்டியலும் பணம் எடுக்கும் தேதி மாற்றமும். இரட்டைப் பணம் எடுப்பது உங்களிடம் இல்லை என்று பட்டியல் காட்டினால், விலகியவர்களில் பத்து பேரைத் தொலைபேசியில் அழைத்து, "பெட்டியில் எதை இன்னும் பயன்படுத்தவே இல்லை?" என்று மட்டும் கேளுங்கள். "ஏன் விலகினீர்கள்?" என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில் வரும். எதைத் தொடவில்லை என்று கேட்டால் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்துச் சொல்வார்கள்.